பருத்தி–பாலியெஸ்டர் கலப்புத் துணி: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

கலப்புத் துணியில் வரும் குறைகளை ஆராயும்போது பலரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். அறுபத்தைந்து பங்கு பாலியெஸ்டரும் முப்பத்தைந்து பங்கு பருத்தியும் சேர்ந்த துணி, இரண்டின் குணங்களையும் அதே விகிதத்தில் கலந்து காட்டும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஈரம் உறிஞ்சுவதைப் பொறுத்தவரை இந்த எண்ணம் ஓரளவு சரியானது. வலிமை, தேய்மானம், பஞ்சு உருண்டை, நாற்றம், கசங்கல் ஆகியவற்றில் அது சரிவருவதில்லை. நூலுக்குள் அருகருகே கிடந்தாலும் பருத்தி இழை பருத்தியாகவும் பாலியெஸ்டர் இழை பாலியெஸ்டராகவுமே நடந்துகொள்கின்றன. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறை எந்த இழையினுடையது? அதற்கு விடை கிடைத்துவிட்டால், சலவையில் சரிசெய்ய முடியுமா, ஆலையில் திருத்த வேண்டியதா, அல்லது அடுத்த முறை வேறு விகிதத்தைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வழியில்லையா என்பது தெளிவாகும்.

தொடங்குமுன்: விகிதமும் அதன் காரணமும்

துணியின் உள்தையலில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். அதில் எடை விகிதம் குறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக அதிகமுள்ள இழையின் பெயர் முதலில் வரும். பாலியெஸ்டர் 65, பருத்தி 35 என்பது சட்டைத் துணியிலும் சீருடையிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் விகிதம். வணிகத்தில் அதைப் பி.சி. என்பார்கள். பருத்தி 60, பாலியெஸ்டர் 40 போலப் பருத்தி மிகுந்த கலப்புகளுக்குச் சி.வி.சி. என்று பெயர். இவற்றுக்கு நடுவே 50–50 நிற்கிறது.

ஆலைகள் கலப்பதற்கு விலை மட்டும் காரணமன்று. பருத்தி செடியில் விளைவது. அதன் நீளமும் பருமனும் முதிர்ச்சியும் இழைக்கு இழை மாறும், தூசும் குட்டை இழைகளும் கலந்தே வரும், விலையும் விளைச்சலைப் பொறுத்து ஏறி இறங்கும். பாலியெஸ்டர் இழையோ வேண்டிய பருமனில் இழுக்கப்பட்டு, பருத்தியோடு சேர்ந்து ஓடுவதற்காகப் பெரும்பாலும் 38 மில்லிமீட்டர் நீளத்தில் சீராக வெட்டப்பட்டு வருகிறது. இரண்டையும் சேர்த்து நூற்கும்போது மெல்லிய நூலிலும் அறுபடுதல் குறைகிறது. நெய்த துணி கசங்காமலும் விரைவில் உலர்ந்தும் பயன்படுகிறது.

கலக்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பருத்தியைச் சுத்தம் செய்து சீவ வேண்டும். பாலியெஸ்டருக்கு அந்தத் தேவை இல்லை. அதனால் பல ஆலைகளில் இரண்டும் தனித்தனியே, இழைகளைப் பிரித்து நேராக்கும் கார்டிங் முடித்து, கயிறு போன்ற தடித்த ஸ்லைவர்களாகி, பல ஸ்லைவர்களைச் சேர்த்து இழுத்து ஒன்றாக்கும் டிரா பிரேம் எந்திரத்தில்தான் ஒன்று சேர்கின்றன. நான்கு பாலியெஸ்டர் ஸ்லைவர்களையும் இரண்டு பருத்தி ஸ்லைவர்களையும் ஒரே எடையில் ஊட்டினால் விகிதம் 66.7–33.3 என்று ஆகிவிடும். 65–35 வேண்டுமானால், மீட்டருக்கு 4.2 கிராம் எடையுள்ள பருத்தி ஸ்லைவருக்கு இணையாகப் பாலியெஸ்டர் ஸ்லைவர் மீட்டருக்கு 3.9 கிராம் இருக்க வேண்டும்: நான்கு 3.9 சேர்ந்து 15.6, இரண்டு 4.2 சேர்ந்து 8.4, மொத்தம் 24. ஸ்லைவரின் எடை சற்றே நழுவினாலும் சீட்டில் எழுதிய விகிதம் நழுவுகிறது. ஒரே முறை டிரா பிரேமில் ஓட்டினால் இரண்டு இழைகளும் பட்டை பட்டையாகவே நிற்கும் என்பதால், மறுபடியும் ஒன்றிரண்டு முறை ஓட்டிக் கலப்பை நெருக்கமாக்குவார்கள்.

அறிகுறி 1: காலர் மடிப்பும் கைப்பட்டை ஓரமும் வெளுக்கின்றன, துணி கிழியவில்லை

இந்தக் குறையைச் சாயம் போனதாகக் கருதிச் சாயப்பட்டறையைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் அங்கே போயிருப்பது சாயமல்ல, பருத்தி.

எப்படி உறுதி செய்வது? வெளுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முழுத் துணியும் சீராக மங்கியிருந்தால் காரணம் வெயிலாகவோ வெளுப்பு மருந்தாகவோ சாயத்தின் உறுதிக் குறைவாகவோ இருக்கலாம். காலரின் மடிப்பு, கைப்பட்டையின் விளிம்பு, பையின் வாய், முழங்கை ஆகிய உரசும் இடங்கள் மட்டும் வெளுத்து, ஒரு விரல் தள்ளி உள்ள துணி பழைய நிறத்தில் இருந்தால் காரணம் தேய்மானம். வெளுத்த இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது மற்ற இடத்தை விட மெல்லியதாக ஒளி ஊடுருவக் காட்டும்.

நடப்பது இதுதான். கலப்புத் துணியில் பருத்திக்கு ஒரு சாயமும் பாலியெஸ்டருக்கு வேறொரு சாயமும் தேவை. பருத்தி பெரும்பாலும் ரியாக்டிவ் சாயத்தையும் பாலியெஸ்டர் டிஸ்பெர்ஸ் சாயத்தையும் ஏற்கின்றன; ஒன்றின் சாயம் மற்றதில் சரியாக நிற்காது. இரண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தால்தான் துணி ஒரே நிறமாகத் தெரியும். செலவைக் குறைக்கப் பாலியெஸ்டரைச் சற்று வெளிறிய நிறத்தில் விட்டுப் பருத்தியை ஆழமாகச் சாயமேற்றினாலும், புதுத் துணி கண்ணுக்குச் சரியாகவே தோன்றும். பயன்பாட்டில் உரசல் படும்போது, தேய்ப்புக்குத் தளர்ந்த பருத்தி இழைகள் உடைந்து தூளாகி ஒவ்வொரு சலவையிலும் வெளியேறுகின்றன. வலிமை மிகுந்த பாலியெஸ்டர் மட்டும் அங்கே மிஞ்சுகிறது. கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிவது அந்த மிஞ்சிய பாலியெஸ்டரின் வெளிறிய நிறம்.

ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள 65–35 கருநீலச் சீருடைத் துணியை எடுத்துக்கொள்வோம். அதில் பாலியெஸ்டர் 78 கிராம், பருத்தி 42 கிராம். காலர் மடிப்பில் பருத்தியில் பாதி தேய்ந்து போயிற்று என்று வைத்தால், அந்த இடத்தில் 78-உம் 21-உம் சேர்ந்து 99 கிராம்தான் இருக்கும். விகிதம் ஏறத்தாழ 79–21 ஆகிவிடும். சட்டை முழுவதும் ஒரே துணிதான் என்றாலும் கழுத்தில் படும் துணி இப்போது வேறு விகிதத் துணி. அது மெலிந்தது, வழுவழுப்பானது, வியர்வையைக் குறைவாக உறிஞ்சுவது. ஆனால் கிழியாது, ஏனெனில் தாங்கி நிற்பது பாலியெஸ்டர். இதே துணி முழுப் பருத்தியாக இருந்திருந்தால் அந்த மடிப்பு வெளுப்பதோடு நிற்காமல் பிய்ந்தே போயிருக்கும். கலப்பின் உழைப்பு உண்மையானதுதான். அந்த உழைப்பில் பருத்தியின் ஆயுள் கணக்கில் வருவதில்லை.

போன பருத்தியைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. வீட்டில் பருத்திச் சாயம் போட்டால் மிஞ்சிய பருத்தி மட்டுமே நிறமேற்கும். வெளுத்த விளிம்பு வெளுப்பாகவே நிற்கும், மற்ற இடம் மேலும் கறுத்து வேறுபாடு கூடும். செய்யத் தக்கது காலரைப் பிரித்துத் திருப்பித் தைப்பது. நல்ல தையற்காரருக்கு அது சிறிய வேலைதான், சட்டைக்கோ பாதி ஆயுள் கூடும். இனி வரும் தேய்மானத்தைக் குறைக்க, உள்புறத்தை வெளியே திருப்பிச் சலவை செய்யுங்கள், காலரைத் தூரிகையால் தேய்ப்பதை நிறுத்துங்கள், குளோரின் வெளுப்பானைத் தவிருங்கள். குளோரின் தாக்குவது பருத்தியைத்தான். பாலியெஸ்டர் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

பெருமளவில் துணி வாங்குபவர்கள் முன்கூட்டியே ஒரு சோதனை கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் 75 விழுக்காடு கந்தக அமிலத்தில் துணித் துண்டை 50 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் பருத்தி கரைந்து பாலியெஸ்டர் மட்டும் எஞ்சும். விகிதத்தை எடைபோட்டு அறியப் பயன்படும் இந்தச் சோதனையே, எஞ்சிய பாலியெஸ்டரின் நிறத்தையும் காட்டிவிடுகிறது. அது முழுத் துணியின் நிறத்துக்கு அருகில் இருந்தால் காலர் தேய்ந்தாலும் வெளுப்பாகத் தெரியாது. வெளிறிப்போயிருந்தால் அந்தத் துணியைச் சீருடைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அமிலச் சோதனையை வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்கக் கூடாது.

அறிகுறி 2: மேற்பரப்பில் பஞ்சு உருண்டைகள் திரள்கின்றன

அக்குள், விலாப்புறம், பை உரசும் இடுப்பு ஆகிய இடங்களில் சிறு உருண்டைகள் முளைப்பதைப் பில்லிங் என்கிறார்கள். இது தளர்ந்த இழை நுனிகள் வெளியே வந்து, உரசலில் பின்னி, உருண்டையாவது. இதுவரை பருத்திக்கும் கலப்புக்கும் வேறுபாடில்லை. முழுப் பருத்தியிலும் உருண்டை தோன்றும். வேறுபாடு அடுத்த கட்டத்தில் வருகிறது. பருத்தி உருண்டையைத் துணியோடு பிடித்திருக்கும் இழைகள் வலிமை குறைந்தவை என்பதால், சில சலவைகளில் அவை அறுந்து உருண்டை தானாக உதிர்கிறது. கலப்பில் அந்தப் பிடிமான இழை பாலியெஸ்டராக இருந்தால் உருண்டை உதிர்வதில்லை. உதிர்வதை விட வேகமாகப் புதியவை சேர்ந்துகொண்டே போகின்றன.

சாமணத்தால் ஒரு உருண்டையை இழுத்துப் பாருங்கள். எளிதில் கையோடு வந்தால் அது பருத்திப் பிடிமானம்; காத்திருந்தாலே போதும். நீண்ட இழையோடு துணியையும் சேர்த்து இழுத்தால் அது பாலியெஸ்டர். பிடுங்கிய உருண்டையைச் சாமணத்திலேயே வைத்துத் தீச்சுடருக்கு அருகே கொண்டுபோனால், உருகிச் சுருண்டு கடினமான மணியாகும்.

இங்கே விகிதத்தை விட நூலும் பின்னலும் பெரிய பங்கு வகிக்கின்றன. முறுக்குக் குறைந்த நூலில் தளர்வாகப் பின்னிய டி-சட்டையில், 50–50 போன்ற நடு விகிதங்கள் மிகவும் தொல்லை தரும்: நுனிகளை அள்ளி வெளியே விடப் போதிய பருத்தியும் உண்டு, உருண்டையைப் பிடித்துவைக்கப் போதிய பாலியெஸ்டரும் உண்டு. அதே விகிதம் இறுக்கமாக நெய்த சட்டைத் துணியில் பல காலம் சுத்தமாக இருக்கும். ஆகவே உருண்டை வருகிறது என்பதற்காகப் பருத்தி விழுக்காட்டை மட்டும் மாற்றும் ஆலை, பெரும்பாலும் தவறான திருகைத் திருகுகிறது. சீவிய பருத்தி, கூடுதல் முறுக்கு, சற்று நெருக்கமான பின்னல் என்பவற்றையே முதலில் முயல வேண்டும். வேண்டுமென்றே வலிமை குறைத்த பாலியெஸ்டர் இழையும் கிடைக்கிறது. அதில் உருண்டை பருத்தியைப் போலவே உதிர்ந்துவிடும், ஆனால் துணி வலிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆலையில் நேரும் இரண்டு தவறுகளைத் தனியே சொல்ல வேண்டும். பருத்தியின் நுனிகளைச் செல்லுலேஸ் நொதியால் தின்னச் செய்து துணியை மெருகேற்றும் முறை முழுப் பருத்தியில் அழகாக வேலை செய்கிறது. 65 பங்கு பாலியெஸ்டர் உள்ள துணியில் அந்த நொதி தொடக்கூடிய இழை மூன்றில் ஒரு பங்குதான். பாலியெஸ்டர் நுனிகள் அப்படியே நிற்கும். அடுத்தது, நுனிகளைச் சுடரில் பொசுக்குவது. சாயமேற்றுவதற்கு முன்பே கலப்புத் துணியைப் பொசுக்கினால், உருகிய பாலியெஸ்டர் நுனிகள் நுண்ணிய மணிகளாகி, பின்னர் சாயத்தைக் கூடுதலாக ஏற்று மேற்பரப்பில் கறும்புள்ளிகளாகத் தெரியும். அதனால் இத்தகைய துணிகளில் பொசுக்குதலைச் சாயத்துக்குப் பின்னே வைப்பதுண்டு.

வீட்டில் மின்சாரத் துணி மழிப்பானால் உருண்டைகளை வெட்டி எடுப்பது நல்ல தீர்வு. சவரக் கத்தி பின்னலை அறுத்துவிடும். சலவையில் துணியை உட்புறம் வெளியே திருப்புங்கள். ஜீன்ஸ், துவாலை போன்ற முரட்டுத் துணிகளோடு சேர்க்காதீர்கள். மழித்த பின்பும் சில முறை உருண்டைகள் திரும்பி வரும்; தளர்ந்த இழைகளின் இருப்பு தீரும்வரை அது நிற்காது.

அறிகுறி 3: துவைத்த சட்டை உலர்ந்தபோது மணமின்றி இருக்கிறது, அணிந்த சற்று நேரத்தில் அக்குளில் பழைய நாற்றம் எழுகிறது

அழுக்கு நீர் சார்ந்ததா, எண்ணெய் சார்ந்ததா என்பதே இங்கே கேள்வி. பருத்தி நீரை விரும்பும் இழை. பாலியெஸ்டர் நீரை விலக்கி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் இழை. உடலின் எண்ணெய்ப் பசை பாலியெஸ்டரில் ஒட்டி, சாதாரணக் குளிர்நீர்ச் சலவையில் முழுதும் நீங்காமல் தங்குகிறது. நாற்றத்துக்குக் காரணமான நுண்ணுயிரிகளும் அந்தப் பசையோடு தங்குகின்றன. உடல் சூடும் ஈரமும் பட்டதும் பழைய நாற்றம் மீண்டும் எழுகிறது. பாலியெஸ்டர் பாதிக்கு மேல் உள்ள சட்டைகளில் இந்தக் குறை நன்றாகத் தெரியும்.

மணமூட்டியும் துணி மென்மையாக்கியும் இதைத் தீர்ப்பதில்லை. மென்மையாக்கி இழை மேல் மெல்லிய படலமாகப் படிந்து பசையை இன்னும் பத்திரப்படுத்துகிறது. அதை முதலில் நிறுத்த வேண்டும். பின்பு துணியை உட்புறம் திருப்பி, கொழுப்பைச் சிதைக்கும் லிப்பேஸ் நொதி சேர்ந்த சலவைத் தூளைக் கரைத்த 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊற வைத்து, அதன் பின் வழக்கம்போல் துவையுங்கள். ஒருமுறை போதாமல் மறுமுறையும் செய்ய நேரிடும். அதற்கும் அசையாவிட்டால், நிறம் தாங்குமா என்று உள்மடிப்பில் சோதித்துவிட்டுச் சோடியம் பெர்கார்பனேட் சேர்ந்த ஆக்சிஜன் வெளுப்பானில் ஊற வைக்கலாம். அது குளிர்ந்த நீரில் மந்தமாகவும் வெதுவெதுப்பான நீரில் நன்றாகவும் வேலை செய்கிறது.

சமையல் எண்ணெய்க் கறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீர் படுமுன், உலர்ந்த கறையின் மேலேயே பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தடவிக் கால் மணி நேரம் விட்டுவிட்டுத் துவையுங்கள். கறை முழுதும் போனதை உறுதி செய்யாமல் இஸ்திரிப் பெட்டியை வைக்க வேண்டாம். சூடு எண்ணெயைப் பாலியெஸ்டருக்குள் நிலைப்படுத்திவிடும்.

அறிகுறி 4: துணி உடலில் ஒட்டிப் புழுங்குகிறது

முன்பே சொன்னபடி, ஈர உறிஞ்சலில் மட்டும் விகிதக் கணக்கு பொருந்துகிறது. காற்றில் சாதாரண ஈரப்பதம் இருக்கும்போது பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 விழுக்காடுதான். 65–35 கலப்புக்கு இது சுமார் 3.2 என்று வரும். 50–50 கலப்பில் 4.5-ஐ ஒட்டியும், பருத்தி 60 உள்ள சி.வி.சி.-யில் 5.3-ஐ ஒட்டியும் நிற்கும். உட்கார்ந்த வேலையில் லேசாக வியர்க்கும்போது தோலருகே உள்ள ஆவியை உள்ளிழுக்கும் இடம் இதுதான் என்பதால், 65–35-இலிருந்து 60 பங்கு பருத்திக்கு மாறுவது உடலுக்கு நன்றாகத் தெரியும்.

கடுமையாக வியர்க்கும் வேலையில் நிலை வேறு. அங்கே முழுப் பருத்தி நனைந்து கனத்து, நெடுநேரம் ஈரமாக ஒட்டிக்கிடக்கும். பாலியெஸ்டர் மிகுந்த கலப்பு குறைவான நீரையே பிடித்து விரைவில் உலரும். ஆகவே எந்த விகிதம் வசதியானது என்ற கேள்விக்கு, எவ்வளவு வியர்க்கும் என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது.

குறையை விகிதத்தின் மேல் சுமத்துமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். புதுத் துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் ஒருவேளை ஆலையில் தடவிய சிலிக்கான் மெருகு தடுக்கிறது. சில முறை துவைத்த பின் அதே சோதனையில் சொட்டு உடனே பரவினால் குற்றவாளி மெருகுதான். அப்போதும் பரவாவிட்டால் விகிதத்தையும் நெசவையும் சந்தேகிக்கலாம். நெருக்கமான ட்வில் நெசவில் எந்த விகிதமும் புழுங்கும். இடைவெளி விட்ட மெல்லிய நெசவில் 65 பங்கு பாலியெஸ்டரும் பொறுக்கத்தக்கதாக இருக்கும்.

அறிகுறி 5: கசங்காத துணி என்று வாங்கியது, அசையாத கோடுகளோடு சலவையிலிருந்து வருகிறது

இரு வகைக் கசங்கல்களைப் பிரித்தறிய வேண்டும். துணி முழுவதும் மென்மையாகக் குழைந்து சுருங்கி, ஈரம் தெளித்து இஸ்திரி போட்டதும் மறைவது பருத்தியின் கசங்கல். பருத்தி அதிகமானால் இது கூடும். 60 பங்கு பருத்தியை வாங்கிவிட்டு 65 பங்கு பாலியெஸ்டரின் மடிப்பை எதிர்பார்க்க இயலாது. மின்னல் கீற்றுப்போல் கூர்மையாக, குறுக்கும் நெடுக்குமாக ஓடி, இஸ்திரிக்கும் அசையாத கோடுகள் பாலியெஸ்டரின் கசங்கல்.

பாலியெஸ்டர் ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரியில் தன் விறைப்பை இழந்து இளகத் தொடங்குகிறது. அந்த நிலையில் எப்படி மடிந்திருக்கிறதோ அப்படியே குளிர்ந்தால் அந்த மடிப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது. மிகச் சூடான நீரில் நெருக்கமாகத் திணித்த துணி, திடீரென்று குளிர்ந்த நீரில் அலசப்பட்டுச் சுழற்றிப் பிழியப்பட்டால் நிகழ்வது இதுவே. சூடான உலர்த்தியில் வெப்பம் அடங்குமுன் குவியலாகக் கிடந்தாலும் இதே விளைவு.

தீர்வு, அதே வெப்பத்தை ஒழுங்காகத் திரும்பக் கொடுப்பது. துணியை ஈரமாக்கி, மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, இரண்டு புள்ளிக் குறியுள்ள 150 டிகிரி அளவில் நீராவியோடு அழுத்தி, கோடு நேரானதும் அதே நிலையில் தட்டையாக முழுதும் ஆறவிட வேண்டும். ஆறுமுன் தூக்கினால் வேலை வீண். மூன்று புள்ளி, அதாவது 200 டிகிரி, பருத்திக்கு உரியது. கலப்பின் மேல் அதை வைத்தால் பாலியெஸ்டர் நுனிகள் இளகித் தட்டையாகி, கறுப்பு நிறத் துணியில் பளபளப்பான திட்டுகளாகத் தெரியும். அந்தப் பளபளப்பு பெரும்பாலும் போகாது. வருமுன் காக்க, 40 டிகிரிக்கு மேல் போகாமல் துவைத்து, எந்திரத்தைப் பாதிக்கு மேல் சற்றே நிரப்பி, முடிந்த உடனே எடுத்து உதறித் தொங்கவிடுங்கள்.

அறிகுறி 6: வலிமைக்காகக் கொஞ்சம் பாலியெஸ்டர் சேர்த்தும், துணி முழுப் பருத்தியை விட எளிதில் கிழிகிறது

நூற்பாலைக்கு வெளியே இதை யாரும் நம்புவதில்லை. ஆனால் இது கணக்கில் வரும் உண்மை. 1949-இல் துணியியல் ஆய்வாளர் ஹாம்பர்கர் இதை விளக்கினார். பருத்தி இழை ஏறத்தாழ 7 விழுக்காடு நீண்டதும் அறுந்துவிடும். பாலியெஸ்டர் அதைவிடப் பல மடங்கு நீண்ட பிறகே அறும். எனவே நூலை இழுக்கும்போது, பருத்தி அறும் கணத்தில் பாலியெஸ்டர் தன் முழு வலிமையைக் காட்டியிருக்காது. பருத்தி அறுந்ததும் முழுச் சுமையும் பாலியெஸ்டர் மேல் விழுகிறது.

விளங்கிக்கொள்ளச் சில எண்களைக் கற்பனையாக வைப்போம். முழுப் பருத்தி நூலின் வலிமை 100. முழுப் பாலியெஸ்டர் நூலின் வலிமை 180; ஆனால் பருத்தி அறும் நீட்சியில் அது தாங்குவது 80. இருபது பங்கு பாலியெஸ்டர் சேர்த்தால், பருத்தி அறும் கணத்தில் நூல் தாங்குவது 80-உம் 16-உம் சேர்ந்து 96. அதன் பின் மிஞ்சிய பாலியெஸ்டரால் தாங்க முடிவது 36 மட்டுமே. ஆகவே நூலின் வலிமை 96, முழுப் பருத்தியை விடக் குறைவு. பாதிக்குப் பாதி என்றால் அறும் கணத்தில் 90, பின்பு பாலியெஸ்டர் தனியே தாங்குவதும் 90. இங்கே நூல் தன் அடித்தளத்தைத் தொடுகிறது. 65 பங்கில் பாலியெஸ்டர் தனியாகவே 117 தாங்கி, பருத்தியைத் தாண்டிவிடுகிறது. உண்மையான நூலில் எண்கள் பஞ்சின் தரத்தையும் முறுக்கையும் பொறுத்து மாறும், ஆனால் வளைவு இதே வடிவில்தான் இறங்கி ஏறும்.

எனவே கிழிதல் குறையோடு வரும் துணியில் பாலியெஸ்டர் 20 அல்லது 30 பங்காக இருந்தால், இன்னும் ஐந்து பங்கு சேர்ப்பது தீர்வாகாது. வலிமைதான் வேண்டும் என்றால் பாதியைக் கடந்து செல்ல வேண்டும். கசங்கல் குறையவும் விரைவில் உலரவும் மட்டும் வேண்டும் என்றால் 40 பங்கோடு நிறுத்தி, வலிமையை நல்ல பருத்தியாலும் நூலின் தடிமனாலும் ஈடுகட்டலாம்.

அறிகுறி 7: சீட்டில் எழுதிய விகிதத்தில் சந்தேகம்

உள்தையலிலிருந்து சில நூல்களை உருவி, உலோகச் சாமணத்தில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். முழுப் பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியெஸ்டர் கரும்புகையோடு உருகிக் கடினமான கறுப்பு மணியாகும். கலப்பு இரண்டையும் காட்டும்: எரிந்த நுனியில் நொறுங்கும் சாம்பலும் அதற்குள் நெருடும் கடினத் துகளும் இருக்கும். கலப்பு இருக்கிறதா என்பதை மட்டுமே இது சொல்லும். விகிதத்தை அறிய, முன்பு சொன்ன அமிலக் கரைப்புச் சோதனைதான் வேண்டும். துணித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

இதே சோதனையில் இன்னொன்றும் கண்ணில் படும். தனிப் பாலியெஸ்டர் உருகிச் சுடரிலிருந்து விலகிச் சொட்டும். கலப்பில் அப்படிச் சொட்டுவதில்லை. எரியும் பருத்தி, உருகிய பாலியெஸ்டரைத் திரியைப் போல் பிடித்துவைத்துக்கொண்டு எரிய விடுகிறது. அதனால் தீயைத் தாங்கும் முறையில் பதப்படுத்தாத கலப்புத் துணியை, விகிதம் எதுவாயினும், வெல்டிங்குக்கோ திறந்த சுடரருகே செய்யும் வேலைக்கோ அணியக் கூடாது.